'சீக்ரெட்ஸ் மேனேஜர்': தமிழில் என்ன?

செல்வி: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேட்டை மொழிபெயர்த்துத் தர வேண்டும். .env கோப்பில் கிடக்கும் தரவுத்தளக் கடவுச்சொற்களைத் தனிக் கருவிக்கு மாற்றுவது பற்றியது. சீக்ரெட்ஸ் மேனேஜர், அக்சஸ் பாலிசி, ரொடேஷன் மூன்றுக்கும் சொல் வேண்டும். 'இரகசிய மேலாளர்' ஓர் ஆளைக் குறிப்பதுபோல இருக்கிறது.

இளங்கோ: 'மறை' இருக்க இரகசியம் எதற்கு? கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்லும் கயவரை 'அறைபறை அன்னர்' என்கிறது குறள். மறைக்காப்பகம் என்போம்.

கதிர்: மறைகுறியாக்கத்தோடு குழம்பாதா? அதோடு, .env கோப்பையே குறியாக்கம் செய்துவிட்டால் போதுமே, தனிக் கருவி எதற்கு?

மாறன்: வட்டில் இருக்கும்வரை அது காக்கும், கதிர். ஆனால் திறக்கும் சாவி உள்ளவர் கோப்பு முழுவதையும் படிக்கலாம். யார் எப்போது படித்தார் என்ற பதிவும் இருக்காது. காப்பகத்தில் ஒவ்வொரு சேவைக்கும் தனி அனுமதி எழுதலாம். வால்ட் என்ற காப்பகக் கருவியில் பில்லிங் சேவைக்கு இப்படி:

```
path "secret/data/billing/*" {
  capabilities = ["read"]
}
```

இதில் சொல்லாதது எல்லாம் தானாகவே மறுக்கப்படும். பாலிசியைக் கொள்கை என்றால் நோக்கம் போலத் தொனிக்கிறது. இதை இயந்திரம் வரிவரியாகச் சரிபார்க்கிறது. எனவே 'அணுகல் விதி'.

நிலா: நானும் அப்படித்தான் எழுதினேன், ஆனால் `permission denied` வருகிறது. `secret/billing/*` என்று கொடுத்திருக்கிறேன்.

மாறன்: உங்களுடையது வால்ட்டின் கேவி சேமிப்பில் இரண்டாம் பதிப்பாக இருக்கும். அதில் கட்டளை வரியில் `vault kv get secret/billing/db` என்றுதான் தட்டுவோம். உள்ளே அது `secret/data/billing/db` என்று போகிறது. விதியில் அந்த `data` வேண்டும்.

செல்வி: சரி, ரொடேஷன்? 'சுழற்சி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மாறன்: சுழல்வது திரும்பி வரும். இங்கே பழைய கடவுச்சொல் திரும்பவே கூடாது. மாற்றும் வரிசையையும் கையேட்டில் அழுத்திச் சொல்லுங்கள்: முதலில் காப்பகத்தில் ஏற்றி, விதி எழுதி, செயலி அங்கிருந்து படிக்கிறதா என்று பாருங்கள். பிறகு தரவுத்தளத்தில் புதிய கடவுச்சொல் உள்ள இன்னொரு பயனரை உருவாக்கி, காப்பகத்தில் அதை வைத்து, செயலியின் எல்லாப் பிரதிகளும் புதியதில் இணைந்தபின் பழைய பயனரை முடக்குங்கள். கோப்பை அழிப்பதோடு நிறுத்தினால் கிட் வரலாற்றிலும் காப்பு நகல்களிலும் உள்ள பழைய கடவுச்சொல் இன்னும் செல்லும்.

கதிர்: 'புதுப்பித்தல்'?

மாறன்: அது காப்பகம் தரும் தற்காலிகக் கடவுச்சொல்லின் குத்தகைக் காலத்தை நீட்டுவதற்கு வேண்டும். 'சாவி மாற்றம்' போதும்.

செல்வி: இரகசியக் காப்பகம், அணுகல் விதி, சாவி மாற்றம் என்று போடுகிறேன். நிலாவுக்கும் கதிருக்கும் சம்மதம்.

இளங்கோ: எனக்கு இல்லை. அடுத்த பதிப்பிலாவது மறை வர வேண்டும்.

நிலா: காப்பகத்துக்குள் நுழையச் செயலிக்கே ஓர் அடையாளம் வேண்டுமே, அதை எங்கே வைப்பது? மறுபடி .env கோப்பிலா?

மாறன்: மேகக் கணினியாக இருந்தால் அந்த இயந்திரத்தின் அடையாளமே போதும், எதையும் எழுதி வைக்க வேண்டாம். சொந்த வழங்கி என்றால் ஒருமுறை மட்டும் செல்லும் டோக்கனைக் கொடுக்கலாம். ஆனால் அந்த டோக்கனை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது அப்போதும் மிச்சம் இருக்கிறது.