`Adaptive TDEE`: சூத்திரம் சொல்லாமல் பதிவு சொல்லும் கலோரிக்கு ஒரு சொல்

மங்கை:

வணக்கம். உணவுக் கணக்கு எழுதும் ஒரு செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். `Adaptive TDEE` என்ற தலைப்பில் நின்றுவிட்டேன். TDEE என்பது உடல் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்தக் கலோரி. வயது, உயரம், எடை, பாலினம் ஆகியவற்றை மிஃப்லின் சூத்திரத்தில் போட்டு, வருவதை நடமாட்டத்துக்கான ஒரு எண்ணால் பெருக்கி, "உங்களுக்கு ஒரு நாள் செலவு இத்தனை கலோரி" என்று சொல்வது வழக்கமான முறை. இந்தப் பக்கம் வேறு மாதிரி. மூன்று நான்கு வாரம் நாம் எழுதிவைத்த சாப்பாட்டையும், காலையில் பார்த்த எடையையும் எடுத்துக்கொண்டு, எவ்வளவு சாப்பிட்டால் எடை அப்படியே நிற்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறது. அதை வைத்து இலக்கைத் திருத்துகிறது. "தகவமை ஆற்றல் செலவு" என்று எழுதினேன். என் அக்காவிடம் காட்டினேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கதிர்:

"பராமரிப்புக் கலோரி" போதுமே. ஜிம்மில் எல்லாரும் மெயின்டெனன்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். அப்புறம், இதற்கு நான்கு வாரம் எதற்கு? 1 கிலோவுக்கு 7700 கலோரி. முதல் நாள் காலை எடையிலிருந்து எட்டாம் நாள் காலை எடையைக் கழித்து 7700-ஆல் பெருக்கி, 7-ஆல் வகுத்து, சாப்பிட்டதன் தினசரிச் சராசரியோடு கூட்டினால் ஒரு வாரத்திலேயே விடை வந்துவிடும்.

சண்முகம்:

கதிர், கணக்கு சரி. ஆனால் அந்த இரண்டு எடைகளை நம்ப முடியாது. முந்தின இரவு ஊறுகாய், அப்பளத்தோடு சாப்பிட்டால் மறுநாள் காலை தராசு அரை கிலோ கூடக் காட்டும். மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் தசையிலும் ஈரலிலும் இருக்கும் கிளைக்கோஜன் குறைகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் போய்விடும். இதில் எதுவும் கொழுப்பு இல்லை. தண்ணீரால் 0.3 கிலோ பிசகினால் 2310 கலோரி பிசகு. ஏழு நாளில் அது நாளுக்கு 330 கலோரித் தவறு. 28 நாளில் 83-தான். பல வாரம் கேட்பது இதற்காக. அதிலும் இரண்டு நாள் எடையைக் கழிப்பதில்லை, தினசரி எடையைச் சமன்படுத்திய ஒரு கோட்டின் தொடக்கத்தையும் முடிவையும் பார்க்கிறோம்:

```
போக்கு = நேற்றைய போக்கு + 0.1 × (இன்றைய எடை − நேற்றைய போக்கு)
```

உணவுக்கட்டுப்பாடு தொடங்கிய முதல் பத்து நாளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்லது. மாதவிடாய் உள்ள பெண்கள் ஒரு முழுச் சுற்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். மங்கை, "தகவமை" வேண்டாம். குறைவாகச் சாப்பிடும்போது உடல் தன் செலவையே குறைத்துக்கொள்வதைத்தான் உடலியலில் தகவமைவு என்கிறோம். இங்கே மாறுவது உடல் இல்லை, கணக்கு. படிப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

"செலவு" என்பதும் சரியில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணியின் நோட்டை வைத்துச் சொல்கிறேன். வயது 42, உயரம் 158 செ.மீ., எடை 72 கிலோ. பெண்களுக்கான மிஃப்லின் சூத்திரப்படி:

```
10×72 + 6.25×158 − 5×42 − 161 = 1336.5
1336.5 × 1.375 ≈ 1840
```

அந்த 1.375, "கொஞ்சம் நடமாட்டம் உண்டு" என்று அவரே தேர்ந்தெடுத்த எண். சூத்திரத்தில் பெரும் பிழை நுழையும் இடம் அதுதான். 1500 சாப்பிட்டால் 28 நாளில் 1.2 கிலோ குறைய வேண்டும். குறைந்தது 0.4. அவர் எழுதிய உணவின் சராசரி 1510. 0.4 × 7700 / 28 = 110. ஆக எடை நிற்கும் அளவு 1620. வாரம் 0.2 கிலோ குறைந்தால் போதும் என்றார். அதற்கு நாளுக்கு 220 கழித்து இலக்கை 1400 ஆக்கினோம்.

அவர் உடல் உண்மையில் 1620-தான் செலவழிக்கிறதா? தெரியாது. தாளிக்கிற எண்ணெயை அவர் எழுதுவதே இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. உண்மைச் செலவு 1800-ஆகவே இருக்கலாம். ஆனால் தினமும் ஒரே மாதிரி விட்டுவிடுவதால், அவருடைய நோட்டில் 1400 என்று எழுதினால் எடை சரியாகவே இறங்கும். இது அவருடைய பதிவுக்குள் மட்டும் செல்லும் எண். நாளை முதல் எண்ணெயை எழுதத் தொடங்கினால் பழைய எண் உதவாது, மறுபடி மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அதனால்தான் "செலவு" என்று பெயர் வைக்கத் தயங்குகிறேன்.

கதிர்:

ஒரு வாரக் கணக்கை விட்டுவிடுகிறேன். ஆனால் சூத்திரம் இவ்வளவு தப்பு என்றால் அதைத் தூக்கிவிடலாமே?

சண்முகம்:

தொடங்க ஒரு எண் வேண்டும் அல்லவா? முதல் மூன்று வாரம் சூத்திரத்தின் எண்ணை வைத்துச் சாப்பிடுங்கள். அதன் பிறகு பதிவு பேசட்டும்.

"பராமரிப்பு" என்றால் எனக்குக் கட்டடமும் வண்டியும்தான் நினைவுக்கு வருகின்றன. "சமநிலை" என்றால் சரிவிகித உணவு என்று எடுத்துக்கொள்வார்கள். எடை நிற்கிற அளவு என்பதால் "நிலைக்கலோரி" என்று சொல்லிப் பார்க்கிறேன். சூத்திரவழி நிலைக்கலோரி, பதிவுவழி நிலைக்கலோரி என்று இரண்டாகப் பிரிக்கவும் வரும்.

பத்மினி:

சண்முகம் ஐயா, நிலைக்கலோரி என்றால் சர்க்கரை ஏறாமல் இறங்காமல் நிலையாக இருப்பதற்கு எவ்வளவு சாப்பிடலாம் என்பதுதானே? எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் கால் வீங்கியதற்கு வேறொரு மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ இறங்கிவிட்டது. நானும் எழுதி வருகிறேன், என் அளவைக் கணக்குப் போட்டுத் தர முடியுமா?

சண்முகம்:

அம்மா, இந்தக் கணக்கு சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லாது, எடையை மட்டும்தான் பார்க்கும். உங்களுக்கு இறங்கிய இரண்டு கிலோ நீர். அதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொண்டால் 15,400 கலோரி வரும், நாளுக்கு 2200 கூடுதலாகச் செலவானதாகக் காட்டும். அந்த வாரங்களைச் சேர்க்கவே கூடாது. சர்க்கரை மாத்திரை எடுக்கும்போது சாப்பாட்டை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் குறைக்காதீர்கள், சில மாத்திரைகளோடு அது தாழ்சர்க்கரையில் கொண்டுவிடும்.

மங்கை:

பத்மினி அம்மா கேட்டது நல்லதாகப் போயிற்று. "நிலைக்கலோரி" மட்டும் தனியாக நின்றால் எது நிலை என்று தெரியவில்லை. "எடைநிலைக் கலோரி" என்று நீட்டட்டுமா?

யோகன்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எடை என்பதை எங்கள் பாடப்புத்தகங்களில் நிறை என்றுதான் படித்தோம். உங்கள் பாடநூல்களில் நிறை என்பது வேறு, அதை நாங்கள் திணிவு என்போம். ஆற்றலும் எங்களுக்குச் சக்தி. எடை என்றாலும் இங்கே விளங்கும், ஆகவே எடைநிலைக் கலோரி என்பதில் எனக்குத் தடையில்லை. கலோரி என்று விட்டது இரு பக்கத்துக்கும் நல்லது.

எனக்கு உள்ள கேள்வி வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் உறவினர் வீட்டில் சாப்பிடுவேன், அன்று எழுதுவதில்லை. அந்த நாளைச் செயலி பூச்சியமாக எடுக்குமா?

மங்கை:

யோகன் அண்ணா, செயலி அந்த நாளை வெற்றாக விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியைத்தான் எடுக்கிறது. பூச்சியமாக எடுத்தால் சராசரியே விழுந்துவிடும்.

சண்முகம்:

வெற்றாக விடுவது பூச்சியத்தைவிட நல்லது. ஆனாலும் ஞாயிறு சாப்பாடு மற்ற நாளைவிடக் கூடுதல் என்றால் சராசரி குறைவாகவே வரும். எல்லா ஞாயிறும் ஒரே மாதிரி என்றால் எண்ணெய்க் கதைதான், ஒன்றையொன்று ஈடுகட்டும். ஒரு வாரம் விருந்து, அடுத்த வாரம் கஞ்சி என்றால் ஈடுகட்டாது. தோராயமாகவாவது ஒரு எண் எழுதுங்கள்.

மங்கை:

இப்போதைக்கு இப்படிப் பதிந்திருக்கிறேன்: தலைப்பு "பதிவுவழி எடைநிலைக் கலோரி", கோட்டுக்கு "எடைப்போக்கு", வாராவாரம் மாறும் எண்ணுக்கு "திருத்திய இலக்கு". முதல் மூன்று வாரம் சூத்திரத்தின் எண்ணே திரையில் இருக்கும், அதற்குத் "தொடக்க மதிப்பீடு". கைப்பேசித் திரையில் தலைப்பு இரண்டு வரிக்கு ஓடுகிறது. கதிர் "பதிவுக்கலோரி" என்று சுருக்கச் சொல்கிறார். எனக்கு அது எழுதிவைத்த சாப்பாட்டின் கலோரி என்று தொனிக்கிறது. வேறு சுருக்கம் தோன்றினால் எழுதுங்கள், வெள்ளிக்கிழமை வரை கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறேன்.