[கலைச்சொல்] சத்து அட்டவணையின் மூன்றாவது நெடுவரிசைக்கு என்ன தலைப்பு?

செல்வி, மண்டபம்

எல்லோருக்கும் வணக்கம். ராமேசுவரம் தீவிலும் மண்டபத்திலும் பெட்டிக்கடைகளில் தொங்கும் தின்பண்டப் பாக்கெட்டுகளைப் படம் எடுத்து, பின்புறச் சத்து விவரத்தை எழுத்தாக்கி ஒரு விரிதாளில் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். முதல் நெடுவரிசை ‘சத்து’, அதில் சிக்கல் இல்லை. இரண்டாவது, ஒரு சர்விங்கில் உள்ள அளவு. மூன்றாவது, அது ஒரு நாள் கணக்கில் எத்தனை விழுக்காடு என்பது. கடைசி இரண்டுக்கும் பள்ளிப் பிள்ளைகள் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் தலைப்பு வேண்டும். மூன்றாவதுக்கு இப்போதைக்கு ‘நாள் விழுக்காடு’ என்று போட்டிருக்கிறேன். மனசுக்கு ஒட்டவில்லை.

ஜமால், கீழக்கரை

செல்வி அக்கா, ‘நாள் தேவை விழுக்காடு’ என்று வையுங்கள், நேராகப் புரியும். ஆனால் அந்த நெடுவரிசையே எதற்கு? அளவு இருந்தால் விழுக்காட்டை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வரியைப் பிரிப்பதும் சுலபம்தான். இடைவெளியில் வெட்டினால் கடைசித் துண்டு விழுக்காடு, அதற்கு முந்தியது அளவு, மிச்சம் பெயர்.

தேவராஜ், தொண்டி

தங்கச்சி, நான் கருவாடு பாக்கெட் போட்டு விற்கிறவன். நாள் விவரம் தமிழில் வருவது நல்ல காரியம். எங்கள் பாக்கெட்டில் உப்பு ஈரம் பட்டு அச்சு அழிந்துபோகிறது, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று வாங்குகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதை விழுக்காட்டில் எப்படிப் போடுவது என்றுதான் பிடிபடவில்லை.

அருள், பாம்பன்

தேவராஜ் அண்ணே, செல்வி கேட்டது கெடு நாள் இல்லை. ஆனாலும் உங்கள் மடல் உதவியிருக்கிறது. பாக்கெட்டின் மேல் ‘நாள்’ என்று பார்த்தால் எவரும் தேதியைத்தான் நினைப்பார்கள், ஆகவே அந்தச் சொல்லைத் தலைப்பில் முதலாவதாக வைக்க வேண்டாம்.

‘தேவை’யும் சரிப்படாது, ஜமால். கால்சியத்துக்குத் தேவை என்று சொல்லலாம். சோடியத்துக்கும் நிறைகொழுப்புக்கும் அச்சிடுவது இதற்கு மேல் போகாதே என்கிற வரம்பு. 90 விழுக்காடு உப்பு என்று பார்க்கும் பிள்ளை ‘தேவையில் இன்னும் 10 பாக்கி’ என்று நினைத்துவிடும். தேவை, வரம்பு இரண்டுக்கும் பொதுவாக ‘பங்கு’ என்று வைத்து, அன்றாடப் பங்கு என்றால் என்ன?

இனி வரியை வெட்டுகிற விஷயம். அமெரிக்க முறையில் அச்சான பாக்கெட்டில் இப்படி மூன்று வரிகள் வரும்:

```
Total Fat 8g 10%
Trans Fat 0g
Includes 10g Added Sugars 20%
```

ஜமால் சொன்னபடி வெட்டினால் முதல் வரி மட்டும் ஒழுங்காக வரும். இரண்டாவதில் விழுக்காடே கிடையாது, ஏனென்றால் டிரான்ஸ் கொழுப்புக்கு அங்கே அன்றாட அளவு வைக்கவில்லை. அதனால் `0g` விழுக்காட்டு நெடுவரிசைக்குப் போய், `Fat` அளவாக உட்கார்ந்துவிடும். மூன்றாவதில் அளவு பெயருக்கு முன்னால் வருகிறது, ஆக `Sugars` அளவாகிவிடும். இடைவெளியை நம்பாமல் எண்ணையும் அலகையும் பிடியுங்கள்:

```
^(.+?)\s+(<?[\d.]+)\s*(mg|mcg|g)(?:\s+(\d+)%)?$
^Includes\s+([\d.]+)\s*g\s+(.+?)\s+(\d+)%$
```

முதல் வடிவம் விழுக்காடு இல்லாத வரியையும் ஏற்கும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் என்றால் ‘அச்சிட்டார்கள், 0 தான்’ என்று பொருள். இரண்டாவது வடிவம் கூட்டிய சர்க்கரைக்காக மட்டும். அது இல்லாவிட்டால் அந்த வரி சத்தமில்லாமல் விழுந்துபோகும். பிள்ளைகள் தின்பதில் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியதே அதுதான். இரண்டு வடிவத்திலும் சிக்காத வரிகளைத் தூக்கி எறியாமல் தனித்தாளில் போட்டு வையுங்கள்.

ஜமால், கீழக்கரை

வெட்டும் விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. விழுக்காட்டை நாமே கணக்குப் போடலாம் என்று சொன்னேனே, அதற்குப் பதில் வரவில்லை.

அருள், பாம்பன்

போடலாம், ஆனால் எந்த ஊர்க் கணக்கில்? நம் நாட்டு லேபிள் விதியில் சோடியத்துக்கு 2000 மில்லிகிராம் அடிப்படை. அமெரிக்காவில் 2300. கொழுப்புக்கு இங்கே 67 கிராம், அங்கே 78. உங்கள் ஊருக்குச் சொந்தக்காரர்கள் பெட்டி பெட்டியாக வெளிநாட்டுப் பாக்கெட் கொண்டுவருகிறார்கள், இரண்டும் ஒரே தாளில் கலந்துவிடும். ஆகவே பாக்கெட்டில் அச்சிட்டதை அப்படியே எடுத்துக்கொள்வோம். நம் கணக்கைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்வோம்.

சரிபார்ப்பு எதற்கு உதவும் என்பதற்கு நானே இட்டுக்கட்டிய ஒரு மிக்சர் பாக்கெட். ஒரு சர்விங் 30 கிராம்:

```
              100 g   30 g   %RDA
Total Fat (g)  20.0    6.0     9%
Sodium (mg)     800    240    12%
```

இங்கே எண்கள் இரண்டு அடுக்காக நிற்கின்றன. பெயருக்கு அடுத்த எண்ணை எடுத்தால் 100 கிராமுக்கான அளவு வந்துவிடும். தாளைப் பார்த்தால் தவறு தெரியாது, 20 கிராம் கொழுப்பும் நம்பக்கூடிய எண்தானே. ஆனால் 20-ஐ 67-ஆல் வகுத்தால் 30 விழுக்காடு, அச்சில் இருப்பதோ 9. சரியான 6-ஐ வகுத்தால் 9 வந்துவிடும். சோடியம் 240-ஐ 2000-ஆல் வகுத்தால் 12. அதை 2300-ஆல் வகுத்தால் 10 தான் வரும். அச்சில் 12 இருப்பதால் இது இந்திய முறைப் பாக்கெட் என்பதும் தெரிந்துபோகும்.

படத்தை எழுத்தாக்கும்போது `8g` என்பது `89` ஆவதும் உண்டு. அலகு இல்லாததால் அது வடிவத்தில் சிக்காமல் தனித்தாளுக்குப் போகும். ஒரு விழுக்காடு முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடுங்கள், எண்ணை முழுமையாக்கியதில் வந்த வித்தியாசமாக இருக்கும்.

செல்வி, மண்டபம்

அருள் அண்ணன் சொன்ன ‘அன்றாடப் பங்கு’ எனக்குப் பிடித்திருக்கிறது. எந்த ஊர்க் கணக்கு என்பதற்கு ‘அடிப்படை’ என்று நான்காவது நெடுவரிசையும் சேர்க்கிறேன். இனி சர்விங். ‘பரிமாறும் அளவு’ என்றால் பந்தியில் இலை போட்ட மாதிரி இருக்கிறது. ‘ஒரு வேளை’ என்றால் பிள்ளைகள் சாப்பாட்டு வேளை என்று எடுத்துக்கொள்வார்கள்.

தேவராஜ், தொண்டி

இப்போது புரிந்துவிட்டது தங்கச்சி. நாங்கள் ஏலம் முடிந்து சில்லறைக்கு மீனைப் பிரித்து வைப்பதைக் கூறு என்போம். ஒரு கூறு நெத்திலி, ஒரு கூறு சாளை. அதையே போடுங்களேன்.

ஜமால், கீழக்கரை

கூறு அருமை, அண்ணே! ‘கூறளவு’.

அருள், பாம்பன்

எனக்கும் ஆசைதான். ஆனால் சத்தை ‘ஊட்டக்கூறு’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் நெடுவரிசையில் ஒரு கூறு, இரண்டாவதில் வேறு கூறு என்றால் குழப்பம் வரும். செல்வி ‘சத்து’ என்பதையே கடைசிவரை வைத்திருந்தால் ஓடும். இன்னொன்றும் இருக்கிறது. மீன் கூறு என்பது வாங்கிப்போகும் அளவு, சர்விங் தின்னும் அளவு.

தேவராஜ், தொண்டி

தின்னும் அளவா? 90 கிராம் பாக்கெட்டை என் பேரன் ஒரே மூச்சில் முடித்துவிடுவான். நீங்கள் 30 கிராமுக்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறீர்கள்.

செல்வி, மண்டபம்

அப்படிப் பார்த்தால் அருள் அண்ணன் காட்டிய மிக்சரில் சோடியம் 12 இல்லை, 36. ‘பாக்கெட் எடை’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, பாக்கெட்டுக்கான பங்கைத் தாளே கணக்கிடும்படி செய்கிறேன். அச்சில் உள்ளதும் கணக்கில் வந்ததும் வேறு வேறு நிறத்தில் இருக்கும். சர்விங்குக்கு ஒரு முடிவு வரும்வரை ‘சர்விங்’ என்றே விட்டுவைக்கிறேன். ‘கூறளவு’ வேண்டாம் என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.