கேலியை எடுத்தால் சிரிப்பும் போய்விடுகிறது: அலுவலக நகைச்சுவை கரோசலுக்கு உதவி தேவை

கோவைத்தூறல்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் இன்ஸ்டாகிராமிலும் லிங்க்ட்இன்னிலும் அலுவலக நகைச்சுவையாக ஒரு கரோசல் போக வேண்டும். இந்த வாரத் தலைப்பு பயணச் செலவு கிளெய்ம். எழுதி வைத்திருப்பது இதுதான்:

ஸ்லைடு 1: மாதக் கடைசி. கிளெய்ம் போடும் நேரம்.
ஸ்லைடு 2: அக்கவுண்ட்ஸ் அக்கா கண்ணாடியைச் சரிசெய்கிறார். "அந்த 10 ரூபாய் எங்கே போச்சு?"
ஸ்லைடு 3: "ஆட்டோவுக்கு பில் இல்லையா? அப்போ நடந்தே போயிருக்கணும்."
ஸ்லைடு 4: புதிதாகச் சேர்ந்த வடநாட்டுப் பையன்: "ஸார், கிளெய்ம் என்னா ஸார்?"
ஸ்லைடு 5: மேனேஜர் அப்ரூவல்: பெண்டிங். பெண்டிங். பெண்டிங்.
ஸ்லைடு 6: 140 ரூபாய் வரவு வைக்கப்பட்டது.

டிசைனர் பார்த்துவிட்டு இரண்டாவதும் நான்காவதும் வேண்டவே வேண்டாம் என்கிறார். எங்கள் அக்கவுண்ட்ஸில் நான்கு பேர்; பெண் ஒருவர்தான், கண்ணாடியும் அவர்தான் போட்டிருக்கிறார். சரி என்று இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். மிச்சம் இருப்பது நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்கிறது. யார் மனமும் நோகாமல், ஆனால் படிப்பவர் சிரிக்கும்படி இதை எப்படி எழுதுவது?

பிக்சல் பாண்டி

இன்ஸ்டாவுக்கு 1080 × 1350 வையுங்கள். 2024 முதல் ஒரு கரோசலில் 20 படம் வரை போடலாம், ஆறோடு நிறுத்த வேண்டியதில்லை. லிங்க்ட்இன்னில் படங்களாகப் போடாமல் ஒரே பிடிஎஃப் கோப்பாக ஏற்றினால்தான் பக்கம் பக்கமாகத் தள்ளிப் படிக்க வரும். தமிழ் எழுத்தைப் பெரிதாக வையுங்கள், நீளமான சொல் வரி மாறும்போது கண்ட இடத்தில் உடைகிறதா என்று போனில் ஒருமுறை பாருங்கள். சரியாகிவிடும்.

கோவைத்தூறல்

நன்றி அண்ணா, பிடிஎஃப் விஷயம் உதவும். ஆனால் என் சிக்கல் அளவில் இல்லை, எழுத்தில்.

தனிக்காட்டு ராணி

எளிய வழி ஒன்று இருக்கிறது. கேலியை உங்கள் மேலேயே போட்டுக்கொள்ளுங்கள். "நான் பில்லைத் தொலைத்தேன், நான் கோடு மறந்தேன்" என்று எழுதினால் யார் கோபப்பட முடியும்? என் சொந்தப் பக்கத்தில் எல்லாமே இப்படித்தான், இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

நாலாம்மாடி

ராணி சொல்வது சொந்தப் பக்கத்துக்குப் பொருந்தும். நிறுவனப் பக்கத்தில் "நான்" என்று எழுதினால் படிப்பவருக்கு அது யார் என்று தெரியாது. நிர்வாகம் பேசுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். "நாமெல்லாம் லேட்டாகத்தானே வருவோம்" என்று நண்பர் சொன்னால் சிரிப்பு. நிறுவனத்தின் லோகோவுக்குக் கீழே அதே வரி வந்தால், திங்கட்கிழமை சுற்றறிக்கை வரப்போகிறது என்று நினைப்பார்கள். "நான்" இருக்கலாம், ஆனால் அந்த "நான்" படிப்பவர் எவரும் தன்னை வைத்துப் பார்க்கக்கூடியவராக இருக்க வேண்டும்.

தூறல், எட்டு வருடமாக நிறுவன உள்ளிதழ்களுக்கு இந்த வேலைதான் செய்கிறேன். உங்கள் ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டே பேசுகிறேன்.

ஆளை மாற்றிப் பாருங்கள். இரண்டாவது ஸ்லைடில் அக்காவுக்குப் பதில் விற்பனைப் பிரிவு ஆள் ஒருவரை வைத்தால் என்ன மிச்சம்? ஒன்றுமில்லை. கண்ணாடி, "அக்கா" என்ற விளி, பத்து ரூபாய்க்குக் கேள்வி, மூன்றும் சேர்ந்து அந்த ஒருவரைக் காட்டுகின்றன. அப்படியானால் சிரிப்பு அவர் மேல்தான். அதிலும் அவர் செய்வது தன் வேலை. வேலையை ஒழுங்காகச் செய்பவரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறோம். பெயரை எடுத்தாலும் போதாது. நான்கு பேர் உள்ள பிரிவில் "அக்கவுண்ட்ஸில் ஒருவர்" என்றாலே யார் என்று தெரிந்துவிடும். மூன்றாவது ஸ்லைடும் அதே வகைதான், உங்கள் டிசைனர் விட்டுவிட்டார்.

நான்காவதில் ஒரு நல்ல விஷயம் புதைந்து கிடக்கிறது. கிளெய்ம் படிவம் புதியவருக்குப் புரியாது என்பது உண்மை. ஆனால் ஊரையும் பேச்சையும் சேர்த்ததும் படிவத்தின் குழப்பம் அவருடைய தமிழின் மேல் விழுகிறது. உங்கள் படிவத்தில் "காஸ்ட் சென்டர் கோடு" என்று ஒரு கட்டம் இருக்குமே? அதைப் பிடியுங்கள்:

"காஸ்ட் சென்டர் கோடு: சேர்ந்து 10 நாள் ஆனவருக்கும் தெரியாது. 10 வருடம் ஆனவருக்கும் தெரியாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள்."

புதியவர் இதிலும் இருக்கிறார், ஆனால் தனியாக மாட்டிக்கொள்ளவில்லை. மாட்டிக்கொண்டது படிவம்.

உங்கள் வரைவு ஏன் நோட்டீஸ் ஆனது என்றால், ஆட்களை எடுத்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. "மாதக் கடைசி", "பெண்டிங்" எல்லாம் பொதுச் சொற்கள். பொருள்கள் வேண்டும். கசங்கிய பில், ஸ்டேப்ளர் பின், ஏறாத படம். கிளெய்ம் போடும்போது கையில் என்னென்ன இருக்கும் என்று உட்கார்ந்து எழுதுங்கள், ஆள் ஒருவர்கூட வேண்டாம்.

கரோசலுக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்லைடு தள்ளும் அந்த ஒரு நொடிதான் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி. எதிர்பார்ப்பு ஒரு ஸ்லைடிலும் உடைப்பு அடுத்ததிலும் இருக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒரே ஸ்லைடில் முடித்துவிடுகிறீர்கள். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: ஒரு தப்பான எண்ணத்தைச் சொல்லி அடுத்த ஸ்லைடில் கவிழ்ப்பேன் என்று எழுதினால், முதல் ஸ்லைடை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கவிழ்த்த ஸ்லைடு கூடப் போகாது. ஒவ்வொரு ஸ்லைடும் தனியாகக் கிடந்தாலும் யாரையும் குத்தக் கூடாது.

கோவைத்தூறல்

பொருள்களை மட்டும் வைத்து எழுதிப் பார்த்தேன்:

1: மாதக் கடைசி. பில்களைத் தேடும் நேரம்.
2: பெட்ரோல் பங்க் பில், 3ஆம் தேதி. (படத்தில் எழுத்து தெளிவாக இருக்கும்)
3: அதே பில், 30ஆம் தேதி. (வெறும் வெள்ளைத் தாள்)
4: ஆட்டோக்காரர்: "பில்லா? வேணும்னா ஹாரன் அடிச்சுக் காட்டறேன்."
5: காஸ்ட் சென்டர் கோடு (நாலாம்மாடி சொன்னது)
6: படத்தின் அளவு 200 கேபிக்குள் இருக்க வேண்டும். என் போன் எடுத்தது: 4 எம்பி.
7: சுருக்கிய பிறகு 190 கேபி. இது பில்லா, மேகமூட்டமா?
8: 140 ரூபாய் வரவு! எல்லாருக்கும் டீ வாங்கினேன். 160 ரூபாய்.

சிவப்பு மை

இடையில் நுழைகிறேன், நானும் அக்கவுண்ட்ஸ்தான், ஊர் வேறு. முதல் வரைவைப் படித்ததும் சுருக்கென்றது. இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் 3ஆவது ஸ்லைடு எங்கள் மேசையில் தினமும் நடப்பது. பங்க் பில்லில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு பூசிய தாள். பர்ஸில், வண்டிக்குள், பிளாஸ்டிக் கவரில் வைத்தால் இன்னும் சீக்கிரம் மங்கிவிடும். எழுத்து இல்லாத தாளை "நம்புங்க மேடம், இது 500 ரூபாய்" என்று நீட்டுவார்கள். நானும் நம்புவேன், ஆடிட்டர் நம்ப மாட்டாரே.

எங்கள் பக்கத்துச் சரக்கும் தருகிறேன். பில்லைப் போட்டோ எடுக்கும்போது கட்டை விரல் சரியாக மொத்தத் தொகையின் மேல் இருக்கும். ஸ்டேப்ளர் பின் சரியாகத் தேதியின் மேல். ஒரு மாத பில் முழுவதும் 31ஆம் தேதி மாலை வரும். சேல்ஸ்காரர்களைப் பற்றி இதை ஒரு கரோசலாகப் போடுங்களேன், பழிக்குப் பழி!

நாலாம்மாடி

கட்டை விரல் அருமை. தூறல், அதை விடாதீர்கள். ஆனால் "சேல்ஸ்காரர்களின் கட்டை விரல்" என்று வேண்டாம், வெறும் கட்டை விரல் போதும்: "பில்லில் எல்லாம் தெரிகிறது. தொகையைத் தவிர." படத்தில் விரல் ஒன்று. எல்லோரும் தன் விரல் என்றே நினைப்பார்கள். இதை 6க்கு முன் வையுங்கள்.

ஆட்டோ ஸ்லைடை மாற்றுங்கள். அந்த வரி நன்றாக வந்திருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். அவர் உங்கள் பக்கத்தைப் பார்க்கப் போவதில்லை, பதில் சொல்லவும் வரமாட்டார். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், ஓட்டுநர் என்று அலுவலக நகைச்சுவையில் அடிக்கடி அகப்படுவது இப்படி அங்கே இல்லாதவர்கள்தான். சம்பவத்தை வைத்துக்கொண்டு பேச்சை எடுங்கள்: "ஆட்டோ செலவு 120 ரூபாய். இணைக்கப்பட்ட ஆதாரம்: என் ஞாபகம்."

எட்டாவதை இரண்டாக உடையுங்கள். 140 வரவு ஒன்றில். 160 ரூபாய் டீ அடுத்ததில், கீழே சின்ன எழுத்தில் "பில் வாங்க மறந்துவிட்டேன்."

தனிக்காட்டு ராணி

ஆட்டோ வரி அவ்வளவு மோசமா? அவர் ஹாரன் அடித்ததில் ஒரு கெத்து இருக்கிறது, ஜெயிப்பது அவர்தானே. எல்லாவற்றையும் இப்படி வடிகட்டினால் பேச்சே இல்லாத படங்கள்தான் மிஞ்சும்.

நாலாம்மாடி

நியாயமான கேள்வி. அவர் ஜெயிக்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொந்தப் பக்கம் என்றால் நானே விட்டிருப்பேன். நிறுவனப் பக்கத்தில் எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கோவைத்தூறல்

மேனேஜர் அப்ரூவல் ஸ்லைடை விட்டுவிட்டேன். ஆனால் படிப்பவர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். மேலதிகாரியைக் கேலி செய்யலாம்தானே?

பிக்சல் பாண்டி

தாராளமாக. மேலே இருப்பவரைச் சொன்னால் தப்பே இல்லை.

சிவப்பு மை

எத்தனை மேனேஜர்கள் இருக்கிறார்கள் என்று பாருங்கள் பாண்டி. ஒரே ஒருவர் என்றால் அதுவும் அந்தக் கண்ணாடி அக்கா கதைதான். அப்ரூவல் தாமதத்துக்குப் பாதி நேரம் மென்பொருள்தான் காரணம், அவர் விடுப்பில் இருந்தால் வேறு யாருக்கும் போகாது.

நாலாம்மாடி

அதையே எழுதலாம்: "அப்ரூவல் கொடுப்பவர் விடுப்பில். அவருக்குப் பதில் அப்ரூவல் கொடுப்பவர்: அவரே." ஸ்கிரீனை மட்டும் வரையுங்கள், ஆள் வேண்டாம். ஒருவரே இருந்தால் இதுவும் அவரைத்தான் காட்டும் என்பது உண்மை. நான் போடுவேன், சிலர் போட மாட்டார்கள்.

கோவைத்தூறல்

வெளியிடும் முன் எங்கள் அக்கவுண்ட்ஸ் மேடமிடம் காட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.

சிவப்பு மை

காட்டுங்கள், ஆனால் "ஓகேவா மேடம்?" என்று பலர் முன்னால் கேட்காதீர்கள். எம்.டி. வரை போகும் பக்கம், வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? "இதில் தகவல் தப்பு எதுவும் இருக்கிறதா?" என்று தனியாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் அவரே ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் தருவார்.

வெண்கட்டி

நான் பள்ளி ஆசிரியை. ஸ்டாஃப் ரூம் வாட்ஸ்அப் குழுவுக்கு இதே மாதிரி ஒன்று போட வேண்டும், தேர்வுத்தாள் திருத்துவதைப் பற்றி. பிள்ளைகள் எழுதிய தப்பு விடைகளைப் பெயர் இல்லாமல் போட்டால் சரியா? கையெழுத்து எல்லோருக்கும் தெரியும்.