பிறப்புச் சான்றிதழில் மகளின் பெயர் இல்லை, வெளிநாட்டிலிருந்தே சேர்க்க முடியுமா?

கேட்டவர், மெல்பர்ன்

மகள் 2012 நவம்பரில் தமிழ்நாட்டில், ஒரு நகராட்சிப் பகுதியில் உள்ள மருத்துவமனையில் பிறந்தாள். அப்போது இன்னும் பெயர் வைக்கவில்லை, அதனால் பெயர் இல்லாமலேயே பதிவாகிவிட்டது. சான்றிதழில் எங்கள் இருவர் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றன. குழந்தையின் பெயர் என்ற இடம் மட்டும் காலி. 2018இல் ஆதாரைக் காட்டிப் பாஸ்போர்ட் எடுத்தோம், அதனால் இதைக் கவனிக்கவே இல்லை. இப்போது நிரந்தரக் குடியுரிமைக்குப் பெயருடன் கூடிய பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். நேரில் போக விடுமுறை இல்லை. என்ன செய்யலாம்?

துபாயிலிருந்து ஒருவர்

சகோதரி, இதற்கு ஊருக்கே போக வேண்டாம். இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் பிறப்புச் சான்றிதழ் தருவார்கள். நான் என் பையனுக்கு அப்படித்தான் வாங்கினேன்.

இன்னொருவர்

பெயர் விஷயம் என்றால் அரசிதழில் வெளியிட வேண்டும். என் மனைவிக்கு அப்படித்தான் செய்தோம், விளம்பரமும் கொடுத்தோம்.

டொராண்டோவிலிருந்து, அக்கா மகனுக்கு இதே வேலையை முடித்துக் கொடுத்தவர்

அரசிதழ் என்பது இருக்கும் பெயரை மாற்றுவதற்கு. இங்கே மாற்றப் பெயரே இல்லை, காலி இடத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது.

துபாய் நண்பர் சொல்வது பாதி சரி. தூதரகம் பாஸ்போர்ட்டை வைத்து அப்படி ஒரு சான்று தரும். ஆனால் அது பாஸ்போர்ட்டில் இருப்பதைச் சொல்லும் தனித்தாள். நகராட்சிப் பதிவேட்டில் அந்த இடம் காலியாகவே இருக்கும், அதைத் தூதரகம் தொட முடியாது. அந்தத் தாளை ஏற்றுக்கொள்கிற அலுவலகங்கள் உண்டு. ஆனால் பதிவேட்டின் சான்றிதழையே கேட்பவர்களிடம் அது எடுபடாது.

முதலில் உங்கள் பழைய சான்றிதழில் ‘பதிவு நாள்’ என்ன என்று பாருங்கள். எல்லோரும் பிறந்த நாளிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். தமிழ்நாட்டு விதியில் கணக்கு பதிவான நாளிலிருந்துதான். அந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். 2012 டிசம்பரில் பதிவாகியிருந்தால் உங்களுக்கு 2027 டிசம்பர் வரை நேரம் உண்டு.

கேட்டவர், மெல்பர்ன்

பதிவு நாள் 2012 டிசம்பர் 3. எங்கள் ஊர் முகவரி இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறது, அங்கே உள்ள நகராட்சியில் கொடுக்கலாமா?

டொராண்டோவிலிருந்து

கூடாது. பிறப்பு எங்கே பதிவானதோ அந்தப் பதிவாளரிடம்தான் கொடுக்க வேண்டும். பதிவு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவுக்குப் போவது நல்லது.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். அக்காவும் அத்தானும் இங்கே, அப்பா ஊரில். இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள்: குழந்தை இன்ன தேதியில் பிறந்தது, பதிவு எண் இது, சூட்டிய பெயர் தமிழில் இப்படி, ஆங்கிலத்தில் இப்படி, எங்கள் சார்பில் கொடுக்கவும் வாங்கவும் தாத்தாவுக்கு அதிகாரம் தருகிறோம் என்று. இருவரும் கையெழுத்துப் போட்டு, தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, மூலத்தைக் கூரியரில் அனுப்பினோம். பெயர் இல்லாத பழைய சான்றிதழ், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட் நகல், பையனின் பாஸ்போர்ட், பள்ளிச் சான்று ஆகியவற்றையும் சேர்த்து வைத்தோம். சில இடங்களில் பெற்றோரில் ஒருவராவது நேரில் வரச் சொல்கிறார்கள். அதனால் தாத்தா முதலில் வெறுமனே போய், இப்படிக் கொடுத்தால் ஏற்பீர்களா என்று கேட்டுவிட்டு வந்தார். அந்த ஒரு நடை வீண்போகவில்லை. அவர்கள் சொன்ன படிவத்திலேயே கடிதத்தைத் திருத்தி எழுத முடிந்தது.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். பெயரை ஒரு முறைதான் சேர்க்க முடியும், பிறகு வேறு பெயருக்கு மாற்ற முடியாது. எழுத்துப் பிழை விழுந்தால் அது திருத்தம் என்ற வேறு வழியில் போகும், ஆதாரங்களை மறுபடியும் காட்ட வேண்டும். உங்கள் மகள் பெயர் என்ன? ழகரம் ஏதாவது இருக்கிறதா?

கேட்டவர், மெல்பர்ன்

தமிழினி. பாஸ்போர்ட்டில் `THAMIZHINI`.

டொராண்டோவிலிருந்து

அதேதான் பயந்தேன். தமிழில் ‘தமிழினி’ என்று கொடுத்தால், தட்டச்சு செய்பவர் தமக்குப் பழகியபடி `TAMILINI` என்றோ `THAMILINI` என்றோ அடிப்பார். தமிழில் மூன்றும் ஒன்றுதான், வெளிநாட்டு அலுவலகத்தில் மூன்றும் மூன்று ஆள்.

எங்கள் பையன் பெயரில் `ZH` வர வேண்டிய இடத்தில் `L` அடித்திருந்தார்கள். தாத்தா திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அக்கா பார்த்துச் சொன்னதும், பதிவேற்றும் முன்பே மாற்றினார்கள். ஐந்து நிமிட வேலை. விட்டிருந்தால் மாதக் கணக்கில் அலைந்திருப்போம். கடிதத்தில் ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு எழுதுங்கள். பாஸ்போர்ட் நகலில் அந்த வரியை அடிக்கோடிடுங்கள்.

கேட்டவர், மெல்பர்ன்

அப்புறம் இனிஷியல்? பாஸ்போர்ட்டில் `Surname` இடத்தில் அவள் அப்பா பெயர் இருக்கிறது.

துபாயிலிருந்து

அப்படியானால் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். பாஸ்போர்ட் போலவே இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

டொராண்டோவிலிருந்து

இனிஷியல் மட்டும் வேண்டாம் அண்ணா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாஸ்போர்ட்டில் புள்ளி வைத்த ஒற்றை எழுத்தே இல்லாதபோது, சான்றிதழில் இருந்தால் இது வேறு பெயரா என்று கேட்பார்கள். முழுப் பெயரா, தனிப் பெயரா என்பதில் நாங்கள் தனிப் பெயர்தான் போட்டோம். அப்பா பெயர் அதே தாளில் அடுத்த வரியிலேயே இருக்கிறதே என்று நினைத்தோம், பிரச்சினை வரவில்லை. ஆனால் நீங்கள் சொல்வதையும் தவறென்று சொல்ல மாட்டேன்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்

நான் 1991இல் பிறந்தவள், என் சான்றிதழிலும் பெயர் இல்லை. 2000க்கு முன் பதிவானவர்களுக்கு 2024 டிசம்பர் 31 வரை நேரம் கொடுத்திருந்தார்கள், நான் விட்டுவிட்டேன். எனக்கு வழி இருக்கிறதா?

டொராண்டோவிலிருந்து

தங்கை, அந்தக் கெடு முன்பும் நீட்டிக்கப்பட்டதுதான். 2014இல் முடிய வேண்டியது 2019, பிறகு 2024 என்று போனது. அதனால் பதிவாளரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். அதுவரை பெயரில்லாத சான்றிதழோடு, பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் உள்ள பள்ளிச் சான்றுகளை எடுத்து வையுங்கள், அவற்றைச் சேர்த்துக் காட்டலாம்.

மெல்பர்ன் அக்கா, வெளிநாட்டில் ஏற்பதற்காக அரசு போடும் அப்போஸ்டில் முத்திரை சான்றிதழுக்கு வேண்டும் என்றால், பெயர் சேர்த்த புதிய சான்றிதழ் வந்த பிறகே போடுங்கள். பழையதில் போட்டால் அந்தப் பணம் போச்சு.

கேட்டவர், மெல்பர்ன்

சரி. தனிப் பெயரா முழுப் பெயரா என்று எங்கள் குடியேற்ற ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வராமல் கடிதம் எழுதப் போவதில்லை. மாமனாரை திங்கட்கிழமை நகராட்சிக்குப் போய் விசாரித்துவரச் சொல்லியிருக்கிறேன். `THAMIZHINI` என்று ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.