முன் அனுமதி மறுப்புக் கடிதத்தைக் குடும்பத்தினருக்கு விளக்க நேர்ந்தவர்கள் எழுதுங்கள்

மேசை எண் 3

மருத்துவமனையில் காப்பீட்டு மேசையில் இருக்கிறேன். ஒரு கடிதம் மனதை விட்டுப் போகவில்லை.

சர்க்கரை நோயாளி, காலில் சீழ் பிடித்த புண், மறுநாள் அறுவை சிகிச்சை. பாலிசி எடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்களுக்கு அதில் மூன்று ஆண்டு காத்திருப்பு, அதற்குள் அந்த நோய்க்குப் பணம் கிடைக்காது. மருத்துவமனைப் பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் வசதிக்கான முன் அனுமதிப் படிவத்தில், சிகிச்சை தரும் மருத்துவர் சர்க்கரை நோய் ஒன்றரை ஆண்டாக இருப்பதாக எழுதியிருந்தார். ஆனால் நள்ளிரவில் அவசரப் பிரிவில் உடன் வந்த மருமகன், “பத்து வருடமாக இருக்கிறது” என்று சொல்லியிருக்கிறார். அதுவும் கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. இரண்டையும் பார்த்த டி.பி.ஏ., அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் அமைப்பு, நோய் தொடங்கிய காலத்துக்கு ஆதாரம் கேட்டது. அந்த நேரத்தில் யாரிடமும் பழைய சீட்டு இல்லை. “நோயின் கால அளவை உறுதிப்படுத்த இயலாததால் கேஷ்லெஸ் வசதி மறுக்கப்படுகிறது” என்று மாலையில் கடிதம் வந்தது.

மகளிடம் படித்துக்காட்டினேன். அவர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வழியாகப் போன அறுவை மருத்துவரை நிறுத்தி, “ஆபரேஷன் தேவையில்லை என்று எழுதிவிட்டார்களாமே டாக்டர், அப்பாவை அழைத்துக்கொண்டு போகலாமா?” என்றார். கடிதத்தின் கடைசி வரியில் பிறகு பணம் கோரி விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. அந்த வரி வரை அவர் காதில் எதுவும் விழவில்லை.

இப்போதெல்லாம் கடிதத்தை எடுப்பதற்கு முன்பே, “சிகிச்சை நிற்காது, இது பணம் யார் முதலில் கட்டுவது என்பதைப் பற்றிய கடிதம்” என்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு எப்படி நடந்தது?

மூத்த பிள்ளை

அம்மாவுக்கும் இதே கடிதம்தான் வந்தது. இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? கட்டிவிட்டு, டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாப் பில்லையும் அனுப்பினோம், பணம் வந்தது. கேஷ்லெஸ் மறுப்பு என்பது வெறும் மிரட்டல். பிறகு எப்படியும் கொடுத்துவிடுவார்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம்.

பழைய பரிசீலகர்

மூத்த பிள்ளை, உங்களுக்கு வந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் “எப்படியும் கொடுப்பார்கள்” என்று ஒரு குடும்பத்திடம் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் அதை நம்பிக் கடன் வாங்குவார்கள். நான் டி.பி.ஏ.வில் கோரிக்கைகளைப் பரிசீலித்த மருத்துவன். மறுப்பில் இரண்டு வகை உண்டு. காரணம் எழுதியிருக்கும் வாக்கியத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

“உறுதிப்படுத்த இயலவில்லை”, “ஆவணம் போதவில்லை” என்றால், எங்கள் கையில் இருந்த தாளை வைத்து முடிவெடுக்க முடியவில்லை என்று பொருள். ஆதாரம் வந்தால் அதே கோரிக்கையை மறுபடி பார்ப்போம், பில் கட்டிய பிறகும் பார்ப்போம். “பாலிசியின் இன்ன பிரிவின்படி காத்திருப்புக் காலத்துக்குள் வருகிறது”, “இந்தச் சிகிச்சை பாலிசியில் விலக்கப்பட்டது” என்றால் கதை வேறு. இன்று கேஷ்லெஸாக மறுத்த அதே பிரிவைக் காட்டி, நாளை பில் அனுப்பினாலும் மறுப்பார்கள். பிரிவு எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு குடும்பத்திடம் பேசுங்கள்.

மேசை எண் 3 சொன்ன கேஸ் முதல் வகை. அங்கே தேவைப்படுவது, சிகிச்சை தரும் மருத்துவரின் விளக்கக் கடிதமும், அதற்குத் துணையாகத் தேதியுள்ள பழைய சீட்டோ பரிசோதனை முடிவோ. வெறும் கடிதம் மட்டும் வந்தால் நாங்கள் நம்ப மாட்டோம், ஏனென்றால் மறுப்புக்குப் பிறகு எழுதியது என்று தேதியே காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: குடும்பத்தார் பலரும், “கேஸ் ஷீட்டில் பத்தை அடித்து ஒன்று என்று போட்டுவிடுங்கள் டாக்டர்” என்று கெஞ்சுவார்கள். அடித்து எழுதிய கேஸ் ஷீட் எங்கள் மேசைக்கு வந்தால், கோரிக்கையோடு பாலிசியே போய்விடும் ஆபத்து உண்டு. மருமகன் சொன்னது அப்படியே இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் ஆதாரம் நிற்கட்டும்.

வாடகைக்காரன்

எங்களுக்கு அனுமதி கிடைத்தும் பணம் குறைந்தது, அதை யாரும் பேசுவதில்லை. பாலிசியில் அனுமதித்த அறை வாடகை நூறு என்றால், நாங்கள் எடுத்த அறை நூற்று அறுபது. வித்தியாசம் அறுபதைத்தானே நாம் கட்ட வேண்டும்? இல்லையாம். மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டி, நூற்று அறுபதுக்கு நூறுதான் தந்தார்கள். அண்ணன் பில் கவுண்டரில் கத்திய கத்தலில் செக்யூரிட்டி வந்துவிட்டார். முதலில் வந்த அனுமதிக் கடிதத்தில் பெரிய தொகை இருந்ததே என்று கேட்டால், அது ஆரம்ப அனுமதி, இறுதி அனுமதி வேறு என்கிறார்கள்.

பழைய பரிசீலகர்

இது மறுப்பு இல்லை, பிடித்தம். ஆனால் பில்லை ஒருமுறை பாருங்கள். மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு விழக்கூடாது என்பது இந்திய விதி. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்திலும் கூடாது. வெட்டியிருந்தால் எழுதிக் கேளுங்கள்.

சட்டப்பிரியன்

எல்லோரும் அழுவதை விட்டுவிட்டு விதிகளைப் படியுங்கள். இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் விட்ட சுற்றறிக்கையில், கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம். மறுத்தால் பாலிசியின் எந்த விதிப்படி என்று குறிப்பிட வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லை என்றாலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கூடாது, நீங்களே பேச வேண்டும். நிறுவனத்தின் மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பதை மறந்துவிட்டுப் பிறகு என்னைத் திட்டாதீர்கள். டி.பி.ஏ.வோடு தொலைபேசியில் சண்டை போடுவதால் பயன் இல்லை. இறுதியாக மறுக்கும் அதிகாரம் நிறுவனத்துக்குத்தான், டி.பி.ஏ.வுக்கு இல்லை. என் கேஸையும் எழுதலாம், ஆனால் பெரியது, வேண்டாம்.

மேசை எண் 3

ஐயா, இரவு ஏழு மணிக்கு அறுவை அரங்க வாசலில் நிற்கிற பெண்ணிடம் குறைதீர்ப்பாளரைப் பற்றிப் பேச முடியாது. அவருக்கு அப்போது தேவைப்பட்டது முன்பணம் எவ்வளவு, எந்தத் தாளைத் தேட வேண்டும், இந்த இரண்டுதான்.

பரிசீலகர் ஐயா சொன்ன மாதிரித்தான் நடந்தது. மகன் வீட்டில் தேடி, பாலிசி எடுப்பதற்கு நான்கு மாதம் முன்பு செய்த, மூன்று மாதச் சர்க்கரை அளவின் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி பரிசோதனை முடிவைக் கொண்டுவந்தார். அளவு இயல்பாக இருந்தது. முதல் மாத்திரைச் சீட்டு பாலிசிக்குப் பின் தேதியில் இருந்தது. இவற்றைக் குறிப்பிட்டு மருத்துவர் விளக்கம் எழுதினார். அறுவை முடிந்து, அவர்களே பணம் கட்டி, கோரிக்கை போயிருக்கிறது. முழு கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு இப்போது கடிதம் வந்திருக்கிறது. அதில் மருமகன் சொன்ன பத்து வருடம் அப்படியே இருக்கிறது. மருமகனோடு மகள் பேசுவதை நிறுத்திவிட்டாராம்.

மூத்த பிள்ளை

பாவம், அந்த மனிதர் நடுராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர். இயல்பான முடிவு கையில் இருக்கும்போது கொடுக்காமல் போக மாட்டார்கள், நான் சொன்னதுதான் நடக்கும்.

பழைய பரிசீலகர்

கொடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் புண்ணின் நிலையைப் பார்த்து, இது ஒன்றரை ஆண்டுச் சர்க்கரையில் வருமா என்று ஒருவர் கேட்பார். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

புதிதாக வந்தவள்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அப்பாவின் கோரிக்கைக்கு “ஆவணங்கள் வராததால் மூடப்பட்டது” என்று வந்திருக்கிறது. மறுப்பு என்ற சொல் எங்கும் இல்லை. தம்பி எல்லாம் முடிந்துவிட்டது என்கிறான். இது எந்த வகை?

மேசை எண் 3

மூடியதுதான் அம்மா, மறுக்கவில்லை. முன்பு என்னென்ன கேட்டிருந்தார்கள் என்று அவர்கள் அனுப்பிய நினைவூட்டல்களில் இருக்கும், அதைத் தேடி எடுங்கள். கேட்டதை எல்லாம் ஒரே கட்டாக, பழைய கோரிக்கை எண்ணை மேலே எழுதி, தாமதத்துக்கு ஒரு வரி காரணமும் சேர்த்து அனுப்பி, மறுபடி திறக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய கோரிக்கையாகப் போட வேண்டாம், ஒரே பில்லுக்கு இரண்டு கோரிக்கை என்று அங்கே இன்னொரு சிக்கல் தொடங்கும்.