நாற்சந்தியில் வந்தவர் ஆன்மாவைக் கேட்டாரா?

செங்கோடன்:
சாத்தானோடு பேரம் பேசியவன் கடைசியில் தோற்றே தீருவான் என்பதுதான் எல்லா நாட்டுப்புறக் கதைகளின் விதி. நாற்சந்தியில் ஆன்மாவை விற்றுக் கிட்டார் கற்ற அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 27 வயதில் மாண்டதே அதற்குப் போதிய சான்று. இதில் யாருக்காவது மறுப்பு உண்டா?

ஏட்டுச்சுவடி:
உண்டு. முதலில், அந்த நாற்சந்திக் கதை ராபர்ட் ஜான்சனுடையதே அன்று. அதே மிசிசிப்பியில் வாழ்ந்த டாமி ஜான்சன் என்ற மூத்த பாடகரைப் பற்றி, அவருடைய அண்ணன் லெடெல் ஆய்வாளர் டேவிட் எவன்ஸிடம் சொன்னது அது. எவன்ஸின் நூல் 1971இல் வெளிவந்தது. பெயரில் ஜான்சன் என்று இருந்ததால் ஒருவர் கதையை இன்னொருவர் தோளில் ஏற்றிவிட்டார்கள்.

லெடெல் சொன்னது இவ்வளவுதான். இரவு 12 மணிக்குச் சற்று முன்னதாகக் கிட்டாரோடு சாலைகள் குறுக்கிடும் இடத்துக்குப் போய், தனியாக ஒரு பாட்டை வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். கரிய பேருருவம் கொண்ட ஒருவர் நடந்து வருவார். கிட்டாரை வாங்குவார், சுதி சேர்ப்பார், தாமே ஒரு பாட்டை வாசித்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அதன்பின் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம். இதில் கையெழுத்து எங்கே இருக்கிறது, இரத்தம் எங்கே இருக்கிறது, ஆன்மாவைக் கேட்ட வரி எங்கே இருக்கிறது என்று செங்கோடன் அவர்களே காட்டட்டும்.

மாலதி:
கேட்கவில்லை என்பதாலேயே விலை இல்லை என்று ஆகிவிடுமா? நள்ளிரவில் நாற்சந்திக்கு வந்து ஒருவர் இலவசமாக வித்தை கற்றுக் கொடுத்துவிட்டுப் போவார் என்று நம்புவதற்கு, கதை கேட்டவர்கள் யாரும் அவ்வளவு அப்பாவிகள் அல்லர். விலையை எல்லோரும் அறிவார்கள் என்பதால்தான் அதைச் சொல்லவில்லை. மேலும், ராபர்ட் ஜான்சன் 1937இல் பதிவு செய்த பாடல்களில் சாத்தான் அவர் வீட்டுக் கதவையே தட்டுகிறான். அதை ஏட்டுச்சுவடி ஐயா வசதியாக மறந்துவிட்டார்.

ஏட்டுச்சுவடி:
மறக்கவில்லை. 1937இல் டல்லஸில் பதிவான பாடலில் சாத்தான் வருகிறான், ஆனால் நாற்சந்தி வரவில்லை. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் பதிவான பாடலில் நாற்சந்தி வருகிறது, ஆனால் சாத்தான் வரவில்லை. அதில் பாடுகிறவர் மண்டியிட்டுக் கடவுளிடம் இரக்கம் கேட்கிறார், பிறகு வழியில் போகும் வண்டியை நிறுத்தப் பார்க்கிறார், யாரும் நிறுத்தவில்லை. இரண்டு பாட்டையும் ஒட்டவைத்து மூன்றாவதாக ஒரு கதை செய்தவர்கள் பின்னால் வந்த இரசிகர்கள். ராபர்ட்டின் இறப்புச் சான்றிதழில் இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் மருத்துவர் இல்லை என்று மட்டுமே எழுதியிருக்கிறது. அந்த வெற்றிடத்தில் யார் வேண்டுமானாலும் சாத்தானைக் குடியேற்றலாம்.

ஆன்மாவைக் கேட்ட வரி எங்கே என்ற என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

செங்கோடன்:
பெயர் மாறினால் விதி மாறிவிடுமா? டாமி ஜான்சன் என்ன வாழ்ந்தார்? அடுப்பெரிக்க விற்கும் டப்பாச் சாராயத்தைப் பிழிந்து குடித்தே சீரழிந்தார், 1928இல் அதைப் பற்றியே ஒரு பாட்டும் பதிவு செய்தார். அது தோல்வி இல்லையென்றால் வேறெது தோல்வி?

ஏட்டுச்சுவடி:
அவர் 1956 வரை உயிரோடு இருந்தார். ஒரு கொண்டாட்டத்தில் வாசித்த பிறகு மாரடைப்பால் இறந்தார். கெடு வைத்து வந்து யாரும் அவரைத் தூக்கிச் செல்லவில்லை. குடித்துக் கெட்டவர்களை எல்லாம் சாத்தான் கணக்கில் எழுதினால், அவனுக்குப் பேரேடு போதாது.

வழக்குரை:
நான் இதை ஒப்பந்தச் சட்டக் கண்ணோடு பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் என்னிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்ற விதியைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். சாத்தானும் இப்படிப் பொடி எழுத்தில்தான் ஏமாற்றுகிறான் என்பதே என் முடிவு. வாசகத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் யாரும் தோற்றிருக்க மாட்டார்கள்.

மாலதி:
உங்கள் ஒப்பந்தத்துக்கு என் அனுதாபங்கள். ஆனால் கதைகளில் வாசகத்தால் ஏமாறுகிறவன் பெரும்பாலும் சாத்தான்தான், மனிதன் அல்லன். சாத்தானுக்குத் தன்னை விற்ற ஜெர்மானியக் கதை நாயகன் ஃபவுஸ்டின் ஒப்பந்தத்தில் ஒளித்து வைத்த விதி ஒன்றுகூட இல்லை. 24 ஆண்டுகள், அதன்பின் உடலும் ஆன்மாவும் உனக்கு என்று அவனே தன் இரத்தத்தால் தெளிவாக எழுதிக் கொடுத்தான்.

ஏட்டுச்சுவடி:
அம்மையார் இதிலாவது சரியாகச் சொன்னார். சுவிட்சர்லாந்தின் ஊரி மாநிலத்தில், ஷோலெனன் பள்ளத்தாக்கில் ராய்ஸ் ஆற்றின் மேல் உள்ள சாத்தான் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான பாறைக்கு நடுவே பாலம் கட்ட முடியாமல் ஊரார் திணறும்போது சாத்தான் வந்து, நான் கட்டித் தருகிறேன், முதலில் கடந்து வரும் உயிர் எனக்கு என்கிறான். ஊரார் சம்மதிக்கிறார்கள். பாலம் முடிந்ததும் ஓர் ஆட்டுக்கடாவை முன்னால் விரட்டிவிடுகிறார்கள். வாசகப்படி அதுவும் ஓர் உயிர்தான், ஆகையால் அவன் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். கடுங்கோபத்தில் பாலத்தை உடைக்கப் பெரிய பாறையைத் தூக்கி வந்தவன், வழியில் ஒரு கிழவியின் தந்திரத்தால் அதைக் கீழே போட்டுவிட்டுப் போனான் என்று கதை முடிகிறது. சுமார் 220 டன் எடையுள்ள அந்தப் பாறை இன்றும் கோஷெனன் ஊரருகே நிற்கிறது. நெடுஞ்சாலைக்கு இடைஞ்சலாக இருந்ததால் 1977இல் மூன்று இலட்சம் பிராங்க் செலவில் 127 மீட்டர் நகர்த்தி வைத்தார்கள்.

இதே கதையில் ஆட்டுக்குப் பதிலாக நாயையோ சேவலையோ வைத்து ஐரோப்பாவில் எத்தனையோ பாலங்களுக்குச் சொல்கிறார்கள். வாய்மொழிக் கதைகளை வகைப்படுத்தும் பன்னாட்டு அட்டவணையில், சாத்தானிடமிருந்து ஆன்மாவை மீட்கும் கதைகளுக்கென்றே 1170 முதல் 1199 வரை எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாக் கதைகளின் விதி என்று செங்கோடன் எழுதியபோது அந்த எண்கள் எல்லாம் விடுமுறையில் இருந்தன போலும்.

குறும்பன்:
ஆட்டுக்கடாவின் சொந்தக்காரர் யார் என்பதை யாரும் கேட்கவில்லையே. அவர் தோற்றார் அல்லவா?

செங்கோடன்:
நன்றாகக் கேட்டார் குறும்பன். மேலும், ஆட்டுக்கு ஆன்மா இல்லை என்றால் சாத்தான் ஏன் ஏற்றுக்கொண்டான்? ஆன்மா உண்டு என்றால் ஊரார் செய்தது கொலைபாதகம் இல்லையா? ஆக, அங்கும் ஒருவர் விலை கொடுத்திருக்கிறார்.

ஏட்டுச்சுவடி:
ஐயா, நாம் பேசுவது பேரம் பேசியவரைப் பற்றி. ஆட்டைப் பற்றி அன்று.

இருந்தாலும் உங்களை அறியாமல் நீங்கள் ஒரு நல்ல இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். பாலக் கதையில் விலையை இன்னொன்றின் தலையில் கட்ட முடிகிறது. முதலில் கடக்கும் உயிர் என்பதில் யார் என்ற இடம் காலியாக இருக்கிறது, அந்தக் காலி இடத்தில் ஆட்டை நிரப்பிவிட்டார்கள். ஃபவுஸ்ட் கொடுத்ததோ தன்னையே. அங்கே மாற்றாள் அனுப்ப இடமில்லை, நாளும் குறித்தாகிவிட்டது. பேரம் பேசியவன் தோற்கிறானா வெல்கிறானா என்பது அவன் அறிவைப் பொறுத்ததன்று, விலையைக் கைமாற்ற முடியுமா என்பதைப் பொறுத்தது. கதை கேட்டுக்கொண்டிருக்கும்போதே இதைப் பார்த்து முடிவை ஊகித்துவிடலாம்.

மாலதி:
அப்படியானால் தியோஃபிலஸ் கதையை என்ன செய்வீர்கள்? அதானா நகரத் தேவாலயத்தின் நிர்வாகி, பதவி பறிபோனதால் கிறிஸ்துவையும் மரியாளையும் மறுதலித்து எழுதிக் கொடுத்தவர். அவரும் தம்மையேதான் கொடுத்தார், ஆனால் தப்பித்தாரே! நோன்பிருந்து மன்றாடியதும் மரியாளே அந்தப் பத்திரத்தைச் சாத்தானிடமிருந்து மீட்டு வந்து கொடுத்தார், பிறகு அது எரிக்கப்பட்டது. உங்கள் கைமாற்றுக் கோட்பாடு இங்கே குப்புற விழுகிறது.

ஏட்டுச்சுவடி:
விழவில்லை, காலத்தைப் பாருங்கள். தியோஃபிலஸ் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகச் சொல்லப்படுகிறார். அவருக்காகப் பரிந்து பேச மரியாள் இருந்தார். ஃபவுஸ்ட் நூல் 1587இல் பிராங்க்ஃபர்ட்டில் அச்சானபோது, அதை வாசித்த லூத்தரன் சபையார் மரியாளின் பரிந்துரையை ஏற்பதில்லை. தன் பாவம் மன்னிப்புக்கு எட்டாதது என்று ஃபவுஸ்ட் தானே நம்பிவிடுகிறான், 24 ஆண்டு முடிந்த இரவில் தனியாக மாட்டிக்கொள்கிறான். அதாவது, பழைய கதையில் இருந்த பின்வாசலை அடைத்துவிட்டார்கள். பேரம் பேசியவன் தோற்பது நாட்டார் கதையின் விதி என்று நீங்கள் நினைப்பது, பெரும்பாலும் இந்த அச்சு நூல் கற்றுக் கொடுத்தது. நாட்டார் சொன்னதில் ஆட்டுக்கடாதான் ஓடுகிறது.

மாலதி:
பின்வாசலை அடைத்ததால்தான் தோற்றான் என்றால், காரணம் மதம்தானே, கைமாற்றம் இல்லையே? ஒரு பதிவுக்கு ஒரு கோட்பாடு என்று மாற்றிக்கொண்டே போகிறீர்கள்.

வழக்குரை:
பத்திரத்தை எரித்தால் கடன் தீர்ந்துவிடாது. சட்டப்படி சான்றுதான் அழிகிறது, கடமை அழிவதில்லை. தியோஃபிலஸ் வழக்கில் மேல்முறையீடு செய்யலாம்.

குறும்பன்:
சாத்தானுக்கு வழக்கறிஞர் கிடைத்துவிட்டார்.

செங்கோடன்:
ஏட்டுச்சுவடி ஐயா நாற்சந்தியிலிருந்து கிளம்பி, சுவிட்சர்லாந்து வழியாக ஜெர்மனிக்குப் போய்விட்டார். இதற்கு முன் இரத்தக் காட்டேரிகள் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் செய்தார், என் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. நாற்சந்திக்குத் திரும்பி வாருங்கள். ஹயட் என்ற பாதிரியார் 1930களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் திரட்டிய சாட்சியங்களில், ஆன்மாவை விற்றதாகவே சிலர் சொல்லியிருக்கிறார்களா இல்லையா?

ஏட்டுச்சுவடி:
சிலர் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது இரவோ ஒன்பது விடியலோ தொடர்ந்து நாற்சந்திக்குப் போக வேண்டும், விலங்குகள் ஒவ்வொன்றாக வந்து மிரட்டும், ஓடாமல் நின்றால் கடைசியில் அந்த மனிதர் வருவார் என்பதே அந்தச் சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வருவது. அங்கே தேர்வு துணிச்சலுக்கு. பயந்து ஓடினால் வித்தை கிடைக்காது. கிட்டார் மட்டுமல்ல, பாஞ்சோவும் சூதாட்டமும்கூட இப்படிக் கற்கலாம் என்கிறார்கள். விலை சொல்லாத சாட்சியங்களும் ஏராளம். லெடெலின் சொல்லிலும் விலை இல்லை.

செங்கோடன்:
ஆக, சிலர் சொல்லியிருக்கிறார்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏட்டுச்சுவடி:
எல்லாக் கதைகளின் விதி என்று எழுதியவர் நீங்கள். சிலர் என்பது எல்லோரும் ஆகாது. அதையும் எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும்.

மாலதி:
நான் ஒன்று சொல்கிறேன், இருவருக்கும் பிடிக்காது. டாமி ஜான்சன், பாட்டு உரிமை குறித்த ஒரு வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, இனிப் பதிவு செய்யும் உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டதாகத் தவறாக எண்ணிக்கொண்டிருந்தார் என்று அவர் வரலாற்றில் வருகிறது. 1930க்குப் பின் அவர் குரலில் ஒரு பாட்டுகூடப் பதிவாகவில்லை. நாற்சந்தியில் கையெழுத்தே போடாதவர் இங்கே போடாத கையெழுத்துக்கு அஞ்சி வாயை மூடிக்கொண்டார். அவர் தோற்றது எந்தப் பேரத்தில்?

வழக்குரை:
நான் முதலிலேயே சொன்னேன், வாசகத்தைப் படித்திருக்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி:
அது பாட்டு வணிகத்தின் கதை, சாத்தானுடையது அன்று. ஆன்மாவைக் கேட்ட வரியை இன்னும் ஒருவரும் காட்டவில்லை.

செங்கோடன்:
கேட்கவில்லை என்று சொன்ன வரியை நீங்கள் காட்டுங்கள், நானும் காட்டுகிறேன். காட்டேரிக் கேள்வியையும் சேர்த்து.

குறும்பன்:
ஆட்டுக்காரருக்கு இழப்பீடு கிடைத்ததா என்பதை மட்டும் யாராவது சொல்லிவிடுங்கள்.