‘நோ-ஷோ’வுக்கு ஒரு சொல்: வராதோரா, வாராப்பதிவா?

கௌசல்யா, பொள்ளாச்சி

எல்லோருக்கும் வணக்கமுங்க. தென்னை விவசாயிகளுக்கு மாதம் ஒரு வெபினார் நடத்துகிறோம். போன முறை சுருள் வெள்ளை ஈ பற்றிப் பேசினோம். பதிவுப் படிவம், அறிவிப்பு, நினைவூட்டல் எல்லாம் ஒரே மென்பொருள் வழியாகப் போகிறது. அதன் திரையைத் தமிழாக்கும் வேலை இப்போது என் தலையில்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். பதிந்துவிட்டு வராதவரைக் குறிக்கும் ‘நோ-ஷோ’ ஒன்று. நிகழ்ச்சிக்கு முன் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் செய்திகளான ‘ரிமைண்டர் சீக்வென்ஸ்’ இன்னொன்று. முதலாவதற்கு ‘வராதோர்’ என்று போட்டேன். கணக்கு எடுக்கும் தம்பி அது தப்பு என்கிறார். திரையில் இடம் குறைவு, சொல் சின்னதாக இருக்க வேண்டும்.

துரைசாமி, கோபி

அம்மணி, ‘வராதோர்’ நல்ல தமிழ்தானே, அதில் என்ன தப்பு? முப்பது வருசம் வருகைப் பதிவேடு எடுத்த வாத்தியார் சொல்கிறேன்: வந்தவர், வராதவர், அவ்வளவுதான். இன்னும் இறுக்கமாக வேண்டுமானால் ‘பொய்ப்பதிவு’ என்று வையுங்கள். வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வராதது பொய்தானே! நினைவூட்டலை ஐந்தாறு முறை கூடுதலாக அனுப்பினால் ஆள் வந்துவிடும்.

ரேவதி, ஈரோடு

ஐயா, ‘வராதோர்’ இலக்கணப்படி சரி, கணக்குப்படிதான் இடிக்கிறது. கௌசல்யா, உங்கள் தம்பி சொல்வது இதுவாகத்தான் இருக்கும். கணக்குக்காக 100 பதிவு என்று வையுங்கள். அதில் ஒரே கைபேசி எண் இரண்டு முறை வந்தவை 10. அப்படியென்றால் ஆட்கள் 90 பேர். முதல்நாள் செய்தியில் ‘வர இயலவில்லை’ என்பதை அழுத்தியவர்கள் 15 பேர். நாம் எதிர்பார்க்க வேண்டியது 75 பேரை. வந்தது 45.

100-லிருந்து 45-ஐக் கழித்து 55 பேர் வரவில்லை என்றுதான் ‘வராதோர்’ காட்டும். உண்மையில் சொல்லாமல் நின்றவர்கள் 30 பேர்தான். முன்கூட்டியே சொன்ன 15 பேரை அந்தக் கூடையில் போடக்கூடாது. அவர்கள் நமக்கு நல்லது செய்தவர்கள், அடுத்த மாதம் முதலில் கூப்பிட வேண்டியவர்களும் அவர்களே.

அந்த இரட்டைப் பதிவு எப்படி வருகிறது என்றும் பாருங்கள். பதிந்து முடித்தவருக்கும் ‘இன்றே பதியுங்கள்’ என்ற அறிவிப்பு மறுபடி போனால், முதல் பதிவு சேரவில்லை போல என்று நினைத்து அவர் இன்னொரு முறை பதிவார். ஒருவர் பதிந்த கணமே அறிவிப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயர் விலகி, நினைவூட்டல் பட்டியலுக்குப் போக வேண்டும். பல பேர் இந்த இரண்டையும் ஒரே பட்டியலாக வைத்திருக்கிறார்கள்.

‘பொய்ப்பதிவு’ மட்டும் வேண்டாமுங்க. அந்தச் சொல் அறிக்கையிலிருந்து ஒரு நாள் செய்திக்குள் தாவிவிடும். மறுநாள் விவசாயியின் வாட்ஸ்அப்பில் ‘நீங்கள் பொய்ப்பதிவு’ என்று போனால் அதோடு அவர் உறவு முடிந்தது.

செந்தில், காங்கேயம்

நான் கல்யாண மண்டபம் நடத்துகிறவன், கணினி விசயம் தெரியாது. ஆனால் இந்தத் தலைவலி எனக்குப் பழக்கம். பத்திரிகை 500 வீட்டுக்குப் போகும், எத்தனை இலை போடுவது என்று சமையல்காரர் கேட்பார். நாங்கள் பத்திரிகையை வைத்து இலைக்கணக்குப் போடுவதே இல்லை. முந்தின நாள் நெருங்கின சொந்தத்துக்குப் போன் போட்டு ‘எத்தனை பேர் வாறீங்க’ என்று கேட்போம். உங்கள் வெபினாரில் சாப்பாடு உண்டுங்களா?

கௌசல்யா, பொள்ளாச்சி

சாப்பாடு இல்லீங்கண்ணா! ஆனால் முந்தின நாள் போன் என்றீர்களே, அதைத்தான் நாங்கள் தவறவிட்டோம். எங்கள் முதல்நாள் செய்தியில் ‘மறவாதீர்கள்’ என்று மட்டும் இருந்தது. வருகிறீர்களா என்ற கேள்வியே இல்லை. வர முடியாதவர் சொல்வதற்கும் இடம் இல்லை.

இன்னொரு சொதப்பல். நிகழ்ச்சி மாலை 7 மணிக்கு. ‘ஒரு மணி நேரம் முன்’ என்று வைத்ததால் 6 மணிக்குச் செய்தி போனது. அப்போது எங்கள் ஊரில் பாதிப் பேர் சொசைட்டியில் பால் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். செய்தியைப் பார்த்துவிட்டு ‘இன்னும் நேரமிருக்கு’ என்று போனைச் சட்டைப் பையில் போட்டதோடு சரி. இணைப்பும் அந்தச் செய்தியின் அடியில் இருந்தது, அதற்குமேல் பேச்சாளர் அறிமுகம் ஒரு பத்தி.

ரேவதி, ஈரோடு

ஒரு மணி நேரச் செய்தியை எடுத்துவிடுங்கள், அல்லது பால் நேரத்துக்கு முன்னால் 4 மணிக்குத் தள்ளுங்கள். 6.50-க்கு ஒன்று போதும். முதல் வரியிலேயே இணைப்பு, இரண்டாம் வரியில் ‘பத்து நிமிடத்தில் தொடங்குகிறோம்’. பேச்சாளர் பெருமையெல்லாம் பதிவு செய்ய அழைக்கும்போது சொல்ல வேண்டியது, இப்போது அல்ல. பதிந்தவுடனே போகும் உறுதிச் செய்தியோடு நாள்காட்டிக் கோப்பையும் இணையுங்கள். அதற்குள் நினைவூட்டல் இப்படித்தான் எழுதப்படும்:

```
BEGIN:VALARM
ACTION:DISPLAY
DESCRIPTION:வெபினார்
TRIGGER:-PT10M
END:VALARM
```

‘-PT10M’ என்றால் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன். அந்தக் கழித்தல் குறிதான் இரண்டாவது சொல்லுக்கு வழி காட்டுகிறது. நினைவூட்டல்கள் நிகழ்ச்சி நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படுபவை. பதிந்த நாளிலிருந்து அல்ல. இதில் ஒரு பொறி உண்டு. நிகழ்ச்சியன்று மதியம் ஒருவர் பதிகிறார் என்று வையுங்கள். அவருக்கு ‘ஒரு வாரம் முன்’, ‘ஒரு நாள் முன்’ இரண்டும் கடந்துபோன நேரம். சரியாக அமைக்காத மென்பொருள் விட்டுப்போனதை எல்லாம் ஒரே மூச்சில் அனுப்பிவிடும். ‘நாளை சந்திப்போம்’ என்ற செய்தி இன்று வந்தால் அவர் நாளைக்குத்தான் வருவார். நிகழ்ச்சியைத் தள்ளி வைத்தாலும் இதே கதை: பழைய நேரத்துக்கு வரிசையில் நிற்கும் செய்திகளை முதலில் நீக்க வேண்டும். துரைசாமி ஐயா, ஐந்தாறு கூடுதலாக அனுப்பினால் எண்ணைத்தான் தடுத்து வைப்பார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். வங்கியில் ‘வாராக்கடன்’ என்கிறோமே, அதே அச்சில் வாராப்பதிவு. ஆளைக் குற்றம் சொல்லாது, பதிவைத்தான் சொல்கிறது. சின்னது. நம் பக்கம் வாராக்கடன் புரியாதவர் யார் இருக்கிறார்?

துரைசாமி, கோபி

வாராத என்பதில் ஈறு கெட்டு, பின்னால் ப் மிகுந்து நிற்கிறது. இலக்கணம் கச்சிதம், ஒத்துக்கொள்கிறேன். பொருளில்தான் சந்தேகம். வாராக்கடன் அநேகமாகப் போனது போனதுதான். இவர்களோ மறுநாள் ஒளிப்பதிவைப் பார்க்கிறார்கள். அவர்களையும் ‘வாரா’ என்றே எழுதுவீர்களா? ‘சொல்லாது நின்றோர்’ என்பது நீளம்தான், ஆனால் அது உண்மை.

ரேவதி, ஈரோடு

ஒளிப்பதிவு பார்த்தவர் தனிக்கணக்கு ஐயா. அன்று நேரலைக்கு வரவில்லை என்பதுதான் இங்கே கேள்வி. ‘ஒளிப்பதிவு எப்படியும் வரும்’ என்று முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிட்டால், நேரலையைத் தள்ளிப்போடுகிறவரும் உண்டு. அதனால்தான் பிரித்து வைக்கச் சொல்கிறேன்.

கௌசல்யா, பொள்ளாச்சி

சரி, இந்த மாதத் திரையில் ‘வாராப்பதிவு’ போட்டுப் பார்க்கிறேன். ‘வர இயலாதோர்’ பக்கத்திலேயே தனியாக நிற்கட்டும். பதிவுக்கு முன்னால் போவது ‘அழைப்புத் தொடர்’, பின்னால் போவது ‘நினைவூட்டல் தொடர்’. ஆனால் ‘தொடர்’ என்றதும் எங்கள் அம்மா டிவி சீரியலா என்று கேட்டார். ‘வரிசை’ என்றால் அவருக்குச் சீர்வரிசை ஞாபகம் வருகிறது. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை வரை திறந்து வைத்திருக்கிறேன்.

செந்தில், காங்கேயம்

எனக்கு ‘வாராப்பதிவு’ புரிகிறது, ஓட்டு அதற்கே. அதுசரி, வந்து தலையைக் காட்டிவிட்டு இரண்டு நிமிசத்தில் எழுந்து போகிறவருக்கு என்ன பேருங்க? எங்கள் மண்டபத்தில் அவர் மொய் எழுதியவர். உங்கள் கணக்கில் வந்தவரா, வாராதவரா?